‘எம்.ஆர்.பி.யில் 5% குறைவு’ என்று போர்டு மாட்டும் முன்

பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்ததும் மளிகைக் கடைக்காரருக்கு முதலில் தோன்றும் யோசனை, நாமும் போர்டு மாட்டிவிடலாம் என்பதுதான். ‘அனைத்துப் பொருட்களும் எம்.ஆர்.பி.யில் 5% குறைவு.’ சட்டம் இதைத் தடுக்கவில்லை. பாக்கெட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் விற்றால்தான் எடையளவுத் துறைக்காரர்கள் கேஸ் போடுவார்கள். கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். கூட்டமும் வரும். ஆனால் அந்த 5% கடையின் லாபத்தில் எவ்வளவு பங்கைத் தின்கிறது என்று பெரும்பாலும் யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஐந்தை நூறில் பார்ப்பது

சோப்பு, பிஸ்கட், டீத்தூள், பேஸ்ட் போன்ற கம்பெனி பாக்கெட் சரக்கில் சில்லறைக் கடைக்குக் கிடைப்பது பொதுவாக பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். சிலவற்றில் எட்டு, சிலவற்றில் பன்னிரண்டு. நூறு ரூபாய் பொருள் தொண்ணூறு ரூபாய் அடக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 95 ரூபாய்க்கு விற்றால் வாடிக்கையாளருக்குக் குறைவது நூறில் ஐந்து. உங்களுக்குக் குறைவதோ பத்தில் ஐந்து, அதாவது லாபத்தில் சரிபாதி. பழைய லாபத்தையே எடுக்க வேண்டுமென்றால் அந்தப் பொருள் இரண்டு மடங்கு விற்றாக வேண்டும்.

எவ்வளவு கூடுதலாக விற்க வேண்டும் என்பதை மனக்கணக்காகவே போடலாம். தள்ளுபடி சதவீதத்தை, தள்ளுபடி போக மிஞ்சும் மார்ஜினால் வகுக்க வேண்டும். மார்ஜின் 10, தள்ளுபடி 3 என்றால் மூன்றை ஏழால் வகுக்கிறோம். விற்பனை ஏறத்தாழ 43 சதவீதம் கூட வேண்டும். மார்ஜின் 8, தள்ளுபடி 5 என்றால் ஐந்தை மூன்றால் வகுக்கிறோம். இப்போது இருப்பதற்கு மேல் 167 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். ஒரு டவுன் தெருவில் பேஸ்ட் அந்த அளவு கூடுதலாக விற்காது. வீட்டில் இருக்கும் பல்லின் எண்ணிக்கை நம் போர்டைப் பார்த்துக் கூடுவதில்லையே.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. கடைக்காரர்கள் பலர் மார்ஜினை அடக்க விலையின் மேல் சொல்வார்கள். தொண்ணூறுக்கு வாங்கி நூறுக்கு விற்றால் ‘பதினொரு பர்சென்ட் நிற்குது’ என்பார்கள். தள்ளுபடியோ எம்.ஆர்.பி. மேல் போகிறது. பதினொன்றில் ஐந்து போனால் ஆறு மிச்சம் என்று கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். இரண்டையும் எம்.ஆர்.பி. மேலேயே வைத்துக் கணக்கிடுவதுதான் பாதுகாப்பு.

கல்லாவைப் பார்த்து லாபத்தை முடிவு செய்வது

மாதம் 6 லட்சம் ரூபாய் விற்கும் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். அதில் 4 லட்சம் பாக்கெட் சரக்கு, மார்ஜின் 10 சதவீதம். மீதி 2 லட்சம் அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி போன்ற லூஸ் சரக்கு. சேதாரம், எடைக் குறைவு எல்லாம் போக அதில் 15 சதவீதம் நிற்கிறது. பாக்கெட்டில் 40,000, லூஸில் 30,000, ஆக மொத்தம் 70,000 ரூபாய். வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

பாக்கெட் சரக்கு முழுவதற்கும் 5% தள்ளுபடி போடுகிறார்கள். நன்றாகவே எடுபடுகிறது. பாக்கெட் விற்பனை நாற்பது சதவீதம் கூடுகிறது. அதாவது எம்.ஆர்.பி. மதிப்பில் 5.6 லட்சம். வந்தவர்கள் கொஞ்சம் பருப்பும் வாங்கிப் போவதால் லூஸ் சரக்கும் 2.3 லட்சமாகிறது. கல்லாவுக்கு வருவது 5.32 லட்சமும் 2.3 லட்சமும் சேர்த்து 7.62 லட்சம். முந்தைய மாதத்தைவிட ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் கூடுதல். முதலாளிக்கு மனசு குளிர்ந்துவிடும்.

லாபத்தைப் பார்த்தால் கதை வேறு. பாக்கெட்டில் 5.6 லட்சத்துக்கு ஐந்து சதவீதம், 28,000. லூஸில் 34,500. மொத்தம் 62,500. கூட்டம் கூடி, வேலை கூடி, 7,500 ரூபாய் குறைந்திருக்கிறது. கூட்டத்தைச் சமாளிக்க அரை நாளைக்கு ஒரு பையனை வைத்து அவனுக்கு 6,000 கொடுத்தால் குறைவு 13,500.

முதல் போடும் தொகையும் ஏறியிருக்கும். முன்பு பாக்கெட் சரக்குக்கு மாதம் 3.6 லட்சம் கொள்முதல். இப்போது 5.04 லட்சம். ஏஜென்சி சேல்ஸ்மேன் ஒரு வாரத்தில் பழைய பில்லுக்குப் பணம் கேட்பார். இந்த நேரத்தில் கடன் நோட்டு வாடிக்கையாளருக்கும் அதே ஐந்து சதவீதத்தைக் குறைத்துக் கொடுத்தால், லாபமும் போய், பணமும் முடங்கிவிடும். தள்ளுபடி ரொக்கத்துக்கும் ஜி.பே.க்கும் மட்டும்தான் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் முறையில் இருக்கும் கடைக்கு இன்னொரு அடி விழும். வரி உள்ள சரக்கின் விற்பனையில் ஒரு சதவீதத்தை அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வாங்கும்போது கட்டிய வரியைக் கழிக்க முடியாது. நூறு ரூபாய்க்கு விற்றபோது வரி போக ஒன்பது ரூபாய் நின்றது. 95க்கு விற்றால் வரி 95 பைசா போக நான்கு ரூபாய் சொச்சம்தான். வரி லாபத்தைப் பார்த்துப் போடப்படுவதில்லை, விற்பனையைப் பார்த்துப் போடப்படுகிறது. அதனால் மெல்லிய மார்ஜினில் அதிகம் விற்பவருக்குத்தான் அது உறைக்கும். சாதாரண ஜி.எஸ்.டி.யில் இருப்பவர்களும், அடக்கத்துக்கும் விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்துக்குள்ளேயே வரியின் ஒரு பங்கு ஒளிந்திருப்பதை மறக்கக் கூடாது.

எல்லாப் பொருளுக்கும் ஒரே சதவீதம்

‘அனைத்துப் பொருட்களும்’ என்ற வார்த்தைதான் போர்டிலேயே விலை உயர்ந்தது. பால் பாக்கெட், குழந்தைகளுக்கான பால் பவுடர், சிகரெட் போன்றவற்றில் ஐந்து சதவீதம் குறைத்தால் பெரும்பாலும் கைப்பணம் போகும்.

சமையல் எண்ணெயில் நேர்மாறு. ஒரு லிட்டர் பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கும் கடைகளில் விற்கும் விலைக்கும் பெரிய இடைவெளி இருப்பது சகஜம். எண்ணெய் மார்க்கெட் ஏறி இறங்குவதால் கம்பெனிகள் அச்சு விலையை உயர்த்தியே வைத்திருக்கும். 180 என்று அச்சிட்ட பாக்கெட்டை ஊரே 155க்கு விற்கும்போது, ஐந்து சதவீதம் குறைத்து 171 என்று நீங்கள் பில் போட்டால், வாடிக்கையாளர் உங்களைத் தள்ளுபடிக் கடை என்று நினைக்க மாட்டார். கொள்ளைக் கடை என்பார். அந்த வகைச் சரக்கில் எம்.ஆர்.பி. ஒரு அளவுகோலே இல்லை. தெருவில் என்ன விலை ஓடுகிறது என்பதுதான் அளவுகோல்.

இன்னொரு உண்மையும் உண்டு. வீட்டில் செலவைக் கவனிக்கும் அக்காவுக்கு ஐம்பது பொருளின் விலையும் மனதில் நிற்காது. துவரம் பருப்பு, சர்க்கரை, எண்ணெய், வழக்கமாக வாங்கும் டீத்தூள், துணி சோப்பு என்று பத்துக்குள்தான் அவருக்கு மனப்பாடம். கடை மலிவா, விலை அதிகமா என்று அவற்றை வைத்துத்தான் எடை போடுவார். சோம்பிலும் சேமியாவிலும் கொடுக்கும் ஐந்து சதவீதம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

அந்த ஆறேழு பொருளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அவற்றின் மாத விற்பனை 60,000 என்றால், எட்டு சதவீதம் வரை குறைத்தாலும் பழைய விற்பனையில் போவது 4,800 ரூபாய். லூஸ் சரக்கு இன்னும் 32,000 ரூபாய்க்கு விற்றால் அது திரும்பிவிடும். எல்லாப் பாக்கெட்டுக்கும் ஐந்து சதவீதம் கொடுத்தபோது போனது 20,000. போர்டில் சதவீதம் போடாமல், ‘துணி சோப்பு 4 ரூபாய் குறைவு’ என்று ரூபாயில் எழுதினால் கண்ணிலும் படும்.

பொருளின் மேல் குறைந்த விலை ஸ்டிக்கர் ஒட்டுவதானால் அச்சிட்ட விலையை மறைக்காமல் ஒட்டுங்கள். மறைத்தால் சந்தேகம்தான் வரும், தள்ளுபடியும் கண்ணில் படாது.

ஸ்கீமை நிரந்தர மார்ஜினாக நினைப்பது

பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று சேல்ஸ்மேன் சொன்னதும், அந்த ஒன்றின் விலையை அப்படியே விலைக் குறைப்பில் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் ஸ்கீம் இருக்காது. பழைய விலைக்கு ஏற்றினால், ‘போன தடவை குறைச்சுக் கொடுத்தீங்களே அண்ணாச்சி’ என்ற கேள்வி வரும். ஏற்றாவிட்டால் கைக்காசு போகும். ஸ்கீமுக்காக மூன்று பெட்டி கூடுதலாக இறக்கி, கடைசியில் காலாவதி தேதி நெருங்கும்போது அடக்கத்துக்கும் கீழே தள்ளிவிடுவதும் நடக்கிறது. ஸ்கீமில் வரும் குறைப்பை ‘சரக்கு உள்ளவரை’ என்று சேர்த்து எழுதிக் கொடுத்தால் பிரச்சினை பாதி தீரும்.

யார் வாங்குகிறார்கள் என்று பார்க்காதது

சலுகை போட்ட இரண்டாவது வாரத்தில் பில்களைப் புரட்டிப் பாருங்கள். பில்லிங் சாப்ட்வேர் இருந்தால் பொருள்வாரி லாபமே எடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரு நாள் பில்களைக் கையால் பிரித்தாலே போதும். சலுகைப் பொருள் மட்டும் இருக்கும் பில் ஒரு பக்கம், அதோடு வேறு சரக்கும் இருக்கும் பில் இன்னொரு பக்கம். முதல் கட்டு தடித்திருந்தால், வருபவர்கள் மாத சாமானை வேறு கடையில் வாங்கிவிட்டு உங்களிடம் மலிவை மட்டும் அள்ளிப் போகிறார்கள் என்று அர்த்தம்.

ஒரே பில்லில் ஒரே சோப்பு இரண்டு டஜன், ஒரே டீத்தூள் பன்னிரண்டு பாக்கெட் என்று போனால், வாங்குபவர் பெட்டிக்கடைக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். ஏஜென்சி விலையைவிட உங்கள் விலை அவருக்குச் சௌகரியமாக இருக்கிறது. உங்கள் லாபத்தில் அவர் கடை நடத்துகிறார். ஒரு பில்லுக்கு இரண்டு அல்லது மூன்று என்று வரம்பு வைப்பதும், 500 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் சலுகை விலை என்பதும் இதைத் தடுக்கும்.

போர்டு ஏற்கெனவே தொங்குகிறது, இப்போது எப்படி இறக்குவது? ஒரே நாளில் எடுத்தால், ‘விலையை ஏத்திட்டாங்க’ என்று தெருவில் பேச்சாகும். மாத சாமான் லிஸ்ட் வரும் முதல் பத்து நாளில் தொட வேண்டாம். 20ஆம் தேதிக்கு மேல், கடை ஓய்ந்திருக்கும் வாரத்தில், சதவீத போர்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆறு பொருளின் பெயரையும் குறைத்த விலையையும் எழுதி மாட்டுங்கள். அந்த ஆறில் இப்போது கொடுப்பதைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகக் குறைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை அதில் இரண்டு பொருளை மாற்றினால், எந்த விலையும் நிலைத்து நிற்கும் என்ற எதிர்பார்ப்பு யாருக்கும் வராது.