மானியத்தை வருமானமாக எழுதிய பிழையும் அதைத் திருத்திய விதமும்

பத்து லட்சத்திற்கு வாங்கிய இயந்திரத்திற்கு அரசு மானியமாக 2,50,000 வங்கிக் கணக்கில் வரவானபோது, அந்தத் தொகை முழுவதையும் நான் அவ்வாண்டின் இதர வருமானமாகப் பதிவு செய்துவிட்டேன். அவ்வாண்டு இலாபம் திடீரென உயர்ந்தது. மறு ஆண்டு விற்பனை குறையாமலே இலாபம் சரிந்தது. அப்போதுதான் பழைய பதிவைத் திரும்பப் பார்த்தேன்.

இயந்திரத்தின் ஆயுள் பத்து ஆண்டுகள் என்றால், அதற்கான மானியமும் அதே பத்து ஆண்டுகளில் பரவ வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 20 இதற்கு இரு வழிகளை அனுமதிக்கிறது: மானியத்தை இயந்திரத்தின் விலையிலிருந்து கழிக்கலாம், அல்லது ஒத்திவைத்த வருமானமாகப் பொறுப்புப் பக்கத்தில் வைக்கலாம். முதல் வழியில் தேய்மானம் ஆண்டுக்கு 75,000; இரண்டாவதில் தேய்மானம் 1,00,000, மானிய வருமானம் 25,000. நிகர விளைவு ஒன்றே. சொத்துப் பதிவேடும் விலைப்பட்டியலும் ஒத்திருக்க வேண்டும் என்பதால் நான் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

முதலாண்டுக்கு உரியது 25,000 மட்டுமே. ஆகவே இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், முந்தைய இலாப இருப்பில் 2,25,000 பற்றும், ஒத்திவைத்த மானியக் கணக்கில் அதே தொகை வரவும் எழுதி, ஒப்பீட்டுக்காகக் காட்டும் முந்தைய ஆண்டு எண்களையும் மாற்றினேன். வங்கி இருப்பு மாறவில்லை. வரிக்கான கணக்கீடு இதைப் பின்பற்றாமல் போகலாம் என்பதால், அதைத் தனியே சரிபார்த்தேன்.