அனுபவம் இல்லையா? தோவாளைப் பூ விலையை எழுதி வையுங்கள்

டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பலரும் இணையத்தில் கிடைக்கும் அதே டைட்டானிக் பயணிகள் பட்டியலைத்தான் புராஜெக்டாகக் காட்டுகிறார்கள். நேர்காணல் செய்பவருக்கு அது பார்த்துச் சலித்த சங்கதி.

அதற்குப் பதிலாக, தோவாளைச் சந்தையில் பிச்சி, மல்லி இரண்டின் கிலோ விலையை 60 நாள் கூகுள் ஷீட்டில் குறித்து வாருங்கள். பக்கத்துக் கட்டத்தில் அன்று முகூர்த்த நாளா, ஓணம் சமயமா, மழையா என்றும் எழுதுங்கள். தினமும் ஒரே நேரத்து விலையாக இருக்கட்டும்; விடிகாலை விலை வேறு, பத்து மணி விலை வேறு.

விலை கிடைக்காத நாளில் 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். `AVERAGE` காலிக் கட்டத்தை விட்டுவிடும், 0-ஐச் சேர்த்துக் கணக்கிடும். 800, 1000, 0 என்றால் சராசரி 600. காலியாக விட்டால் 900. வரைபடத்தில் கோடு திடீரென்று தரையைத் தொட்டால் இந்தப் பிழைதான்.

அப்புறம் இதையெல்லாம் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, `README.md` என்ற விளக்கக் கோப்பில், இது போன்ற தவறு ஏதாவது செய்து, கண்டுபிடித்துத் திருத்தியிருந்தால் அந்தக் கதையையும் எழுதுங்கள். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்கலாம். 60 நாள் விலை என்பது வருடம் முழுவதற்கும் பொருந்தாது என்று ஒரு வரியும் இருக்கட்டும்.