ஆப்பில் மெயின்டனன்ஸ் கட்டிவிட்டு ஹால் புக் செய்வது: வரிசை மாறினால் ஸ்லாட் போய்விடும்

போன மாதம் வீட்டு விசேஷத்துக்காக நம் குடியிருப்பின் ஹாலை ஒரு சனிக்கிழமை மாலைக்கு எடுக்கப் பார்த்தேன். தேதி காலியாக இருந்தது, ஸ்லாட்டையும் தேர்ந்தெடுத்துவிட்டேன், கடைசிப் பக்கத்தில் "Dues pending" என்று சிவப்பில் வந்து நின்றது. மெயின்டனன்ஸைக் கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது, பணமும் என் கணக்கிலிருந்து போயிருந்தது. அதைச் சரிசெய்து திரும்பி வருவதற்குள் அந்த மாலையை வேறு வீட்டுக்காரர் எடுத்துவிட்டார். அதனால்தான் இதை வரிசையாக எழுதி வைக்கிறேன். அசோசியேஷன் ஆப்பை இறக்கி, நம்பர் கொடுத்து, ஓடிபி போட்டு உள்ளே போவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள், ஹாலை அப்புறம் பார்க்கலாம். நம் ஆப்பில் வீட்டின் பேரில் பாக்கி ஒரு பைசா இருந்தாலும் ஹால் புக்கிங் திறக்காது. முகப்பில் பெரிதாகத் தெரியும் தொகையை மட்டும் நம்பாதீர்கள், அது நடப்பு மாத பில். "Ledger" என்ற பக்கத்தில்தான் எந்தத் தேதியில் எந்த பில் ஏறியது, எந்தப் பணம் எதற்கு வரவு வைக்கப்பட்டது என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். அந்தப் பக்கத்தை நான் கம்ப்யூட்டரில்தான் திறப்பேன். போனில் கடைசி நிலுவைக் கட்டம் திரைக்கு வெளியே போய்விடுகிறது, நாமும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

என் விஷயத்தில் நடந்ததையே சொல்கிறேன். பில் 3,000, கடைசித் தேதி 10. ஊரில் இல்லாததால் 14-ம் தேதிதான் கட்ட முடிந்தது, 3,000 கட்டினேன். ஆனால் 11-ம் தேதியே தாமதக் கட்டணம் 100 தனி வரியாக ஏறியிருந்தது. வருகிற பணத்தில் முதலில் தாமதக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் பில்லுக்குச் சேர்க்கும்படி நம் ஆப்பை அமைத்திருக்கிறார்கள். ஆக 100 அதற்குப் போய், பில்லுக்கு 2,900 மட்டும் சேர்ந்து, 100 பாக்கி நின்றது. அந்த நூறுதான் என் ஹாலை அடைத்தது. கட்டும்போது தொகையை நீங்களாகத் தட்டாமல், "Total payable" என்று ஆப் காட்டும் முழுத் தொகையை அப்படியே கட்டிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

இதே காரணத்துக்காகத்தான் மாதாமாதம் ஒரே தொகை தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்வதை நான் விரும்புவதில்லை. தண்ணீர் மீட்டர் கணக்கோ தாமதக் கட்டணமோ சேர்ந்து பில் மாறினால், போகிற தொகை மாறாது, சிறு சிறு பாக்கியாக நின்றுகொண்டே வரும்.

ஆப்புக்கு வெளியே, உங்கள் வங்கியிலிருந்து நேராக அசோசியேஷன் கணக்குக்குப் பணம் அனுப்புவதையும் ஹால் தேவைப்படுகிற மாதத்தில் தவிர்த்துவிடுங்கள். பணம் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் அது எந்த வீட்டுப் பணம் என்று ஆப்புக்குத் தெரியாது. பொருளாளர் வங்கி அறிக்கையை எடுத்து, பேரையும் தொகையையும் பார்த்து, உங்கள் வீட்டு எண்ணில் கையால் ஏற்ற வேண்டும். அவரும் வேலைக்குப் போகிற மனிதர், சில நாள் ஆகும். அனுப்பிவிட்டீர்கள் என்றால் பரிவர்த்தனை எண், தேதி, தொகை மூன்றையும் ஆப்பின் உதவிப் பகுதியில் எழுதிப் போடுங்கள். வாட்ஸப் குழுவில் "கட்டிவிட்டேன்" என்று போட்டால் அது நாலு செய்திக்கு அடியில் போய்விடும்.

ஆப்பில் கட்டும்போது எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பணம் கணக்கிலிருந்து போய்விடும், ஆப் மட்டும் "Pending" என்று சுற்றிக்கொண்டிருக்கும். பதறி மறுபடி கட்டாதீர்கள். வங்கி பணத்தை எடுத்துவிட்டது, அந்தத் தகவல் ஆப்புக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் சற்று நேரத்தில் ரசீது வந்துவிடும், இல்லையென்றால் சில வேலை நாட்களில் பணம் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும். இரண்டு முறை கட்டிவிட்டால் கூடுதல் பணம் லெட்ஜரில் முன்பணமாக நிற்கும், அடுத்த பில்லில் கழியும், கைக்குத் திரும்பாது. ரசீது எண் வந்ததா என்பதுதான் அடையாளம். ரசீது இல்லை என்றால் வரவும் இல்லை. கார்டில் கட்டினால் சேவைக் கட்டணம் சேர்கிறது, அதனால் நான் எப்போதும் ஆப்புக்குள்ளேயே வங்கிக் கணக்கிலிருந்து கட்டுகிறேன்.

லெட்ஜரில் கடைசி நிலுவை 0 என்று பார்த்தாயிற்றா, சரி, இப்போது ஹாலுக்குப் போகலாம். "Facilities" உள்ளே ஹாலைத் தொட்டு, தேதியைத் தேர்ந்தெடுத்தால் ஸ்லாட்டுகள் வரும். நிகழ்ச்சி நேரத்தை மட்டும் மனதில் வைத்து ஸ்லாட் எடுக்காதீர்கள். ஆறு மணிக்கு விருந்தினர் வருகிறார்கள் என்றால் நாற்காலி போட, அலங்காரம் கட்ட முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் ஒதுக்கிப் பெருக்க ஒரு மணி நேரம் வேண்டும், இதெல்லாம் உங்கள் ஸ்லாட்டுக்குள்தான் வரவேண்டும். முந்தைய ஸ்லாட் காலியாகத் தெரிகிறதே என்று அதை நம்பி முன்கூட்டியே போய் நிற்க முடியாது, கடைசி நாளில்கூட யாராவது எடுத்துவிடுவார்கள்.

ஸ்லாட்டைத் தொட்டதும் 15 நிமிடம் உங்களுக்காகப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் வாடகையையும் டெபாசிட்டையும் கட்டியாக வேண்டும், அதனால் வங்கிப் பாஸ்வேர்டைத் தேடுவது போன்ற வேலைகளை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிய உடனே "Requested" என்று மஞ்சளில் காட்டும். அது புக்கிங் இல்லை, விண்ணப்பம். செகரட்டரி ஒப்புதல் கொடுத்து "Confirmed" என்று பச்சையாக மாறிய பிறகு அழைப்பிதழில் இடத்தைப் போடுங்கள்.

வாடகை திரும்ப வராது, டெபாசிட் வரும். சாவி வாங்கியதும் சுவர், மின்விசிறி, கழிவறைக் குழாய், அடுக்கி வைத்த நாற்காலிகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அப்போதே புக்கிங்கில் ஏற்றிவிடுங்கள். ஒருமுறை, ஏற்கெனவே உடைந்திருந்த நாற்காலிக்கு என் டெபாசிட்டில் பிடிக்கப் பார்த்தார்கள். மாலை 4.10-க்கு எடுத்த போட்டோவில் அதன் கால் விரிசல் தெளிவாகத் தெரிந்தது, விட்டுவிட்டார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வாடகைக்கு இருக்கும் இருவர், தங்கள் ஆப்பில் பாக்கி எதுவுமே காட்டவில்லை, ஆனாலும் ஹால் திறக்கவில்லை என்றார்கள். பார்த்ததில், பில் வீட்டு உரிமையாளர் பேரில் போகிறது, வாடகைதாரர் லாகினுக்கு லெட்ஜரே தெரியாது, ஆனால் தடை வீட்டு எண்ணுக்கு விழுகிறது. உரிமையாளரிடம் அவருடைய லெட்ஜரின் கடைசி வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இருவரில் ஒருவர் வீட்டில் உரிமையாளர் இரண்டு மாதமாகக் கட்டவில்லை, அவர் கட்டிய அன்றே ஹால் திறந்துவிட்டது.