இரண்டு முறை பணம் எடுத்த ஆர்டர்களும் மன்னிப்பு மின்னஞ்சலும்

எங்கள் ஆன்லைன் கடையில் சில ஆர்டர்களுக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது. வங்கியின் பதில் தாமதமானால் செக்அவுட் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பியது. பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே அதைப் புதுக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. இது அதே கட்டணம்தான் என்று கேட்வேக்கு அடையாளம் காட்டும் `Idempotency-Key` மறுமுயற்சியிலும் மாறாமல் போகும்படி செய்ததும் அது நின்றது.

வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மன்னிப்பு மின்னஞ்சலில் அந்த விளக்கம் வேண்டாம் என்றேன். முதல் வரியே விஷயம்: “உங்கள் ஆர்டருக்கு ₹1,240 இரண்டு முறை பிடிக்கப்பட்டது. மன்னிக்கவும், ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.” அப்புறம் ரீஃபண்ட் எண், கார்டுக்கு 5–7 வேலை நாள் ஆகலாம் என்ற குறிப்பு. “வங்கியின் பதில் தாமதமானாலும் இனி ஒருமுறைதான் பணம் எடுக்கப்படும்” என்று ஒரே வரி. “ஓடிபி, கார்டு எண் எதுவும் கேட்க மாட்டோம்” என்பதையும் சேர்த்தேன். மோசடிக்காரர்களுக்கு இதுதானே வாய்ப்பு.

பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அனுப்பினோம். எல்லோருக்கும் போனால் மற்றவர்களும் பதறிப்போய் வங்கிக் கணக்கைத் துழாவுவார்கள்.