இரண்டு மென்னமிலங்கள் ஒரே கரைசலில்: pH கணிக்கும்போது எங்கே வழுக்குகிறோம்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கீழே இறங்கினால் கித்துல்கல, எட்டியாந்தோட்டைப் பக்கம் தேயிலை குறைந்து இறப்பர் தொடங்கிவிடும். அங்கே இறப்பர் பாலை உறையவைக்கப் போமிக்கமிலம் அல்லது அசற்றிக்கமிலம் ஊற்றுவார்கள். இரண்டும் மென்னமிலங்கள்தான். இரண்டையும் ஒரே கரைசலில் சேர்த்தால் pH என்ன, அதை எந்த அமிலம் தீர்மானிக்கிறது? உயர்தர இரசாயனவியல் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இது. அவர்கள் கணிதத்தில் பிழை விடுவது குறைவு. எதை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் பிழை நடக்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு கரைசலில் போமிக்கமிலத்தின் செறிவு 0.010 mol dm⁻³, அசற்றிக்கமிலத்தின் செறிவு 0.50 mol dm⁻³. கூட்டற்பிரிகை மாறிலிகள், அதாவது Ka பெறுமானங்கள், முறையே 1.8 × 10⁻⁴, 1.8 × 10⁻⁵. ஒன்று மற்றையதைப்போல் பத்து மடங்கு.

இதைப் பார்த்ததும் பலர் எழுதும் முதல் வரி: "போமிக்கமிலத்தின் Ka பெரியது, ஆகவே அசற்றிக்கமிலத்தைப் புறக்கணிக்கலாம்." அப்படிக் கணித்தால் pH 2.90 வரும். சரி, அசற்றிக்கமிலத்தை மட்டும் தனியே கணித்துப் பாருங்கள். 1.8 × 10⁻⁵ ஐ 0.50 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 3.0 × 10⁻³, அதாவது pH 2.52. புறக்கணித்த அமிலம் தனியாகவே கூடிய அமிலத்தன்மையைத் தருகிறது! Ka சிறியதுதான், ஆனால் அந்த அமிலம் ஐம்பது மடங்கு செறிவில் இருக்கிறது. ஒப்பிட வேண்டியது Ka ஐ அல்ல, Ka × C என்ற பெருக்கத்தை. இங்கே போமிக்கமிலத்துக்கு அது 1.8 × 10⁻⁶, அசற்றிக்கமிலத்துக்கு 9.0 × 10⁻⁶.

இந்தப் பெருக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிட்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கரைசலில் ஐதரசன் அயன் செறிவு ஒன்றே ஒன்றுதான். அதை h என்போம். போமிக்கமிலத்தின் சமநிலையிலும் அதே h, அசற்றிக்கமிலத்தின் சமநிலையிலும் அதே h. நேர் ஏற்றமும் மறை ஏற்றமும் சமப்பட வேண்டும் என்பதால், நீரிலிருந்து வரும் சொற்பத்தை விட்டுவிட்டால்:

```
h  = [HCOO⁻] + [CH₃COO⁻]
h  ≈ K₁C₁/h + K₂C₂/h
h² ≈ K₁C₁ + K₂C₂
```

எண்களைப் போட்டால் h² = 1.08 × 10⁻⁵, h = 3.29 × 10⁻³, pH 2.48. ஐதரசன் அயன்களில் ஆறில் ஐந்து பங்கு அசற்றிக்கமிலத்திலிருந்து வருகிறது, ஒரு பங்குதான் போமிக்கமிலத்திலிருந்து.

அடுத்த தவறு, என் பார்வையில் மிக ஆழமானது: இரண்டு அமிலங்களுக்கும் தனித்தனியே h கண்டுபிடித்துக் கூட்டிவிடுவது. போமிக்கமிலம் தனியே 1.25 × 10⁻³, அசற்றிக்கமிலம் தனியே 3.0 × 10⁻³, கூட்டினால் 4.25 × 10⁻³, pH 2.37. பார்க்க நியாயமாகவே இருக்கும். ஆனால் இரண்டு அமிலங்களும் சேர்ந்தபின் ஒன்று வெளிவிடும் ஐதரசன் அயன் மற்றையதன் சமநிலையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தனியே இருக்கையில் போமிக்கமிலத்தில் ஏறக்குறைய 12.5 சதவீதம் பிரிந்திருந்தது. கலவையில் அது 5 சதவீதமளவுக்கு இறங்கிவிடுகிறது. கூட்டிய விடையில் இந்தத் தள்ளல் கணக்கிலேயே இல்லை. கூட்ட வேண்டியவை h பெறுமானங்கள் அல்ல, KC பெறுமானங்கள்.

இரண்டு pH களின் சராசரியை எடுப்பவர்களும் உண்டு. 2.90 க்கும் 2.52 க்கும் நடுவில் 2.71. அசற்றிக்கமிலக் கரைசலின் செறிவு மாறாமல் இன்னோர் அமிலமும் அதில் இருக்கும்போது pH கூடுமா? கூடாது. இந்த ஒரு கேள்வியே விடையைத் தள்ளிவிடப் போதும். சரியான விடை தனித்தனி pH இரண்டிலும் சிறியதைவிடச் சற்றுக் கீழேதான் இருக்கும்.

இங்கே ஒரு முன்னெச்சரிக்கை. கேள்வியில் "இரண்டு கரைசல்களைச் சம கனவளவில் கலக்க" என்று இருந்தால், சமன்பாட்டுக்குள் போகும் C கலந்தபின் உள்ள செறிவு, அதாவது பாதி. போத்தலில் எழுதியிருக்கும் செறிவை அப்படியே போடுவதால் இழக்கும் புள்ளிகள் ஏராளம்.

"எது மேலோங்குகிறது" என்ற கேள்வியையும் கவனமாக வாசிக்க வேண்டும். நம் கலவையில் பிரிந்திருக்கும் சதவீதத்தைப் பார்த்தால் போமிக்கமிலம் 5, அசற்றிக்கமிலம் அரைச் சதவீதம்தான். அந்த விதத்தில் Ka பெரிய அமிலமே எப்போதும் முன்னே நிற்கும், செறிவு என்னவானாலும். ஆனால் pH ஐத் தீர்மானிப்பது சதவீதம் அல்ல, வெளிவந்த அயன்களின் அளவு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் சரியாகக் கணித்தும் விளக்கத்தைப் பிழையாக எழுதிவிடுவோம். இரண்டு செறிவுகளும் சமமாக இருக்கையில் மட்டும் Ka ஐப் பார்த்தே முடிவு சொல்லலாம். இரண்டும் 0.10 mol dm⁻³ என்றால் போமிக்கமிலம் தனியே 2.37, இரண்டும் சேர்ந்து 2.35. அங்கே அசற்றிக்கமிலத்தை விட்டாலும் பெரிய நட்டமில்லை.

கடைசியாக, வர்க்கமூலச் சமன்பாட்டை எல்லா இடத்திலும் நம்புவது. K₁C₁/h என்று எழுதியபோது, அமிலத்தின் பெரும்பகுதி பிரியாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். அது உண்மையாக இருக்க, கிடைக்கும் h பெரிய Ka ஐவிடக் குறைந்தது இருபது மடங்களவு இருக்க வேண்டும். நம் கணக்கில் பதினெட்டு மடங்கு, கிட்டத்தட்டச் சரி. திருத்திக் கணித்தாலும் pH 2.49 தான். ஆனால் அதே கலவையை நூறு மடங்கு ஐதாக்கினால் கதை மாறும். வர்க்கமூலம் 3.29 × 10⁻⁴ என்று சொல்லும். அது 1.8 × 10⁻⁴ இன் இரண்டு மடங்குகூட இல்லை. அப்போது முழு வடிவத்துக்குப் போக வேண்டும்:

```
h = K₁C₁/(h + K₁) + K₂C₂/(h + K₂)
```

வலப்பக்கத்தில் 3.29 × 10⁻⁴ ஐப் போட்டால் 2.95 × 10⁻⁴ வரும். அதைத் திரும்பப் போட்டால் 3.25 × 10⁻⁴ க்கு ஏறும். இப்படி மேலும் கீழும் ஆடும்போது, முதல் இரண்டின் நடுவான 3.12 × 10⁻⁴ ஐப் போட்டுப் பாருங்கள். 3.09 × 10⁻⁴ வரும். ஆக விடை 3.11 × 10⁻⁴ க்குப் பக்கத்தில், pH 3.51. வர்க்கமூலம் தந்தது 3.48. இந்த ஐதான கரைசலில் போமிக்கமிலத்தின் 37 சதவீதம் பிரிந்துவிட்டது. ஆனாலும் ஐதரசன் அயன்களில் பெரும்பங்கு இன்னமும் அசற்றிக்கமிலத்திலிருந்தே வருகிறது.