கூட்டல் பிழையால் வந்த ஜிஎஸ்டி டிமாண்ட்: திருத்தக் கடிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணம் பக்கம் போர்வெல் பைப்பும் மோட்டார் சாமானும் விற்கும் ஒரு சின்னக் கடையை எடுத்துக்கொள்வோம். 2021-22 கணக்குக்கு, வரி கட்டச் சொல்லும் DRC-07 ஆணை வந்திருக்கிறது. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரிக்காகக் கடைக்காரர் கழித்துக்கொண்ட இன்புட், சப்ளையர்கள் காட்டியதைவிட அதிகம் என்பது விஷயம். ஆணையின் இணைப்பில் மாதவாரியாக ஓர் அட்டவணை. மத்திய வரிக் கட்டத்தில் மே மாதத்துக்கு 3,240, ஆகஸ்டுக்கு 2,815, அக்டோபருக்கு 4,160, பிப்ரவரிக்கு 2,185 ரூபாய். மற்ற மாதங்களில் வித்தியாசம் இல்லை. கூட்டினால் 12,400. ஆனால் கடைசி வரியில் 24,800 என்று இருக்கிறது.

காரணம் அந்த அட்டவணையிலேயே தெரிகிறது. ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் கீழே காலாண்டு மொத்தம் என்று ஒரு வரி இருக்கிறது. எக்செல்லில் மேலிருந்து கீழ்வரை மொத்தமாகக் கூட்டும்போது மாத எண்களோடு காலாண்டு மொத்தங்களும் சேர்ந்துவிட்டன. மாநில வரிக் கட்டத்திலும் இதே கதை. ஆக 24,800 வர வேண்டிய வரி 49,600 ஆகிவிட்டது.

டிமாண்ட் சரியாக இரண்டு மடங்காக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சரியான மொத்தத்துக்கும் ஆணையில் உள்ள மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 9-ஆல் மிச்சமில்லாமல் வகுபட்டால், 54 என்பது 45 ஆனதுபோல இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணக்குப்பிள்ளைகளின் வழி இது, இன்றைக்கும் வேலை செய்கிறது.

இந்த மாதிரிப் பிழையைத் திருத்த ஜிஎஸ்டி சட்டத்தின் 161-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆணையைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணுக்குத் தெரிகிற பிழையை, ஆணை போட்ட அதிகாரியே திருத்தலாம். ‘பார்த்த மாத்திரத்தில்’ என்பதுதான் இங்கே எல்லை. பெரும்பாலான கடிதங்கள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

நம் கடைக்காரருக்கு இன்னொரு குறையும் உண்டு. ஆகஸ்டில் வந்த சரக்குக்கு சப்ளையர் தாமதமாக ரிட்டர்ன் போட்டார், எனவே அந்த 2,815 ரூபாயே தன்மேல் வரக்கூடாது என்பது அவர் வாதம். நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க பில், லாரி ரசீது, சப்ளையரின் ரிட்டர்ன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அது மேல்முறையீட்டுக்கான சங்கதி. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், ‘இது பார்த்ததும் தெரிகிற பிழை இல்லை, மேல்முறையீடு செய்துகொள்ளவும்’ என்ற ஒரே வரியில் முழு விண்ணப்பத்தையும் தள்ளிவிட வழி கிடைத்துவிடும். கூட்டல் பிழையும் அதோடு போய்விடும்.

அதே காரணத்தால், உங்கள் டேலி கணக்கிலிருந்து புதிதாக ஓர் அட்டவணை தயாரித்து இணைக்காதீர்கள். அதிகாரியின் அட்டவணை, அதிகாரியின் எண்கள், அவற்றின் சரியான கூட்டல் மட்டும் போதும். உங்கள் கணக்கைக் கொண்டுவந்தால் எந்தக் கணக்கு சரி என்ற விவாதம் தொடங்கிவிடும்.

அடுத்தது, ‘டிமாண்ட் தவறாக உள்ளது, ரத்து செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுவது. எங்கே தவறு, எவ்வளவு தவறு என்பதே அதில் இல்லை. அதோடு, கேட்க வேண்டியது திருத்தம், ரத்து அல்ல. கடை நஷ்டம், உடல்நலம், கல்யாணச் செலவு என்று ஒரு பக்கம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் படிக்கிறவருக்குக் கூட்டல் பிழை மூன்றாவது பத்தியில் இருப்பது தெரியாமலே போகலாம். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

‘மேற்படி ஆணையின் இணைப்பு, மத்திய வரிக் கட்டத்தில் மே, ஆகஸ்ட், அக்டோபர், பிப்ரவரி மாதங்களின் தொகைகளைக் கூட்டினால் ரூ.12,400 வருகிறது. மொத்தம் என்ற வரியில் ரூ.24,800 என உள்ளது. காலாண்டு மொத்தங்களும் மாதத் தொகைகளோடு சேர்த்துக் கூட்டப்பட்டதே காரணம். மாநில வரிக் கட்டத்திலும் இதே பிழை உள்ளது. எனவே வரியை ரூ.49,600-லிருந்து ரூ.24,800 எனவும், அதற்கேற்ப வட்டியையும் திருத்தி, 161-ஆவது பிரிவின்கீழ் ஆணை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

மேலே ஜிஎஸ்டி எண், ஆணை எண், தேதி, நிதியாண்டு. அந்த அட்டவணைப் பக்கத்தின் நகலில் தப்பான வரியை வட்டமிட்டு இணைத்துவிடுங்கள்.

வட்டியைக் கேட்க மறப்பது சாதாரணமாக நடக்கிறது. தப்பான வரியின்மேல் போட்ட வட்டியும் தப்புதான், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அபராதத்தில் மட்டும் கவனம். இந்த ஆணை போடப்பட்ட 73-ஆவது பிரிவில் அபராதம் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது. மத்திய, மாநில வரிக்குத் தனித்தனியாக. 24,800-க்கு 10 சதவீதம் 2,480, 12,400-க்கு 1,240. எப்படிப் பார்த்தாலும் 10,000-தான் நிற்கும். அதையும் பாதியாக்கக் கேட்டால் உங்கள் கணக்கில்தான் பிழை என்று ஆகிவிடும்.

அப்புறம் தேதி. ஆணை தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பிழையை அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். நவம்பர் 10 தேதியிட்ட ஆணை என்றால் பிப்ரவரி 10. அதிகாரி திருத்துவதற்குப் பொதுவாக ஆறு மாதம், வெறும் எழுத்துப் பிழைக்கும் கூட்டல் பிழைக்கும் அந்த ஆறு மாத வரம்பு கிடையாது. இதைக் கேள்விப்பட்டு ‘மெதுவாகப் போடலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்கும் மூன்று மாதம்தான், தகுந்த காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம். திருத்த விண்ணப்பம் போட்டதாலேயே அந்தக் கெடு நின்றுவிடாது. ஆணை கிடைத்து மூன்று மாதம் தாண்டினால் வசூல் நடவடிக்கையும் தொடங்கலாம், வங்கிக் கணக்கு முடங்கலாம். முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிட்டு, பதில் வராவிட்டால் மூன்றாவது மாதம் முடிவதற்குள் மேல்முறையீட்டைப் பதிவு செய்வது பத்திரம்.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்ததோடு நிறுத்துவதும் தவறு. சீல் நல்லதுதான். ஆனாலும் போர்ட்டலில் `Services > User Services > My Applications` போய் `Application for rectification of order` என்பதைத் தேர்ந்தெடுத்து, இதே கடிதத்தை அங்கேயும் ஏற்றுங்கள். வரும் ஏஆர்என் எண்தான் பிறகு தேதிக்குச் சாட்சி.

ஒப்புக்கொள்ளும் தொகையைக் கட்டிவிடலாம் என்று நினைத்தால், அந்த டிமாண்ட் எண்ணுக்கு நேராகவே கட்டுங்கள். பழக்கதோஷத்தில், தானாக முன்வந்து கட்டுவதற்கான DRC-03 படிவத்தில் கட்டினால் பணம் போய்விடும், டிமாண்ட் அப்படியே நிற்கும். பிறகு DRC-03A போட்டு இரண்டையும் இணைக்க வேண்டியிருக்கும்.

திருத்தம் ஏற்கப்பட்டால் DRC-08 என்ற திருத்த ஆணை வரும். அலுவலகத்தில் வாய்மொழியாக ‘சரி பண்ணியாச்சு’ என்று சொன்னாலும், போர்ட்டலில் பொறுப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியைத் திறந்து அந்த டிமாண்ட் எண்ணைப் பாருங்கள். மத்திய வரி 12,400, மாநில வரி 12,400, இரண்டிலும் வட்டி குறைந்திருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் மட்டும் திருத்திவிட்டு இன்னொன்று பழையபடியே நின்றால், அந்த DRC-08-ஐக் காட்டி அதற்கும் திருத்தம் கேளுங்கள்.