உருளை ஆப்பின் கன அளவில் π எட்டிப்பார்த்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள்

ஆரம் 6 செ.மீ. கொண்ட நேர்வட்ட உருளை ஒன்று நிற்கிறது. அதன் அடிவட்டத்தின் ஒரு விட்டம் வழியாகச் சாய்வாக ஒரு தளம் வெட்டிச் செல்கிறது. விட்டத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள விளிம்பில் அது 8 செ.மீ. உயரத்தை எட்டுகிறது. அடிவட்டத்துக்கும் சாய்தளத்துக்கும் இடையே சிக்கும் ஆப்பு வடிவத் துண்டின் கன அளவு என்ன? விடை சரியாக 192 கன செ.மீ. பொதுவாகச் சொன்னால், ஆரம் r, தளம் எட்டும் உயரம் h என்றால் V = (2/3)r²h. வளைந்த பொருளாக இருந்தும் இதில் π இல்லை.

பலரும் முதலில் எழுதும் விடை 226.2. அது வரும் வழி இயல்பானதுதான். அரை உருளையின் கன அளவு πr²h/2, அதாவது 452.4, உயரம் 0 தொடங்கி 8 வரை சீராக ஏறுவதால் சராசரி உயரம் 4 என்று எண்ணிப் பாதியாக்கிவிடுகிறோம். அடித்தளம் செவ்வகமாக இருந்தால் இது சரி. இங்கே அடித்தளம் அரைவட்டம். விட்டத்தை ஒட்டிய இடத்தில் அதன் அகலம் 12. விலக விலக அகலம் சுருங்கி, எதிர் விளிம்பில் ஒன்றுமில்லாமல் போகிறது. விட்டத்திலிருந்து 3 செ.மீ. தொலைவுக்குள்ளேயே அரைவட்டப் பரப்பில் ஏறத்தாழ 61 விழுக்காடு அடங்கிவிடுகிறது, அந்தப் பகுதியில் ஆப்பு 4 செ.மீ. உயரத்தைத் தாண்டுவதே இல்லை. ஆகவே சராசரி 4-க்குக் கீழேதான் இருக்க முடியும்.

உண்மையான சராசரி உயரம், அரைவட்டத்தின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே உள்ள உயரம். அந்த மையம் விட்டத்திலிருந்து 4r/(3π) தொலைவில் இருக்கிறது. அங்கே உயரம் 4h/(3π), ஏறத்தாழ 3.4 செ.மீ. இதை அரைவட்டப் பரப்பான πr²/2-ஆல் பெருக்கும்போது π-யும் π-யும் அடிபட்டுப்போகின்றன. π மறைவதற்கான காரணத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழி எனக்கு வேறு தெரியாது.

தொகையிடலில் இறங்குபவர்கள் தடுமாறுவது வேறோர் இடத்தில். விட்டத்துக்குச் செங்குத்தாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் செங்கோண முக்கோணம். மையத்திலிருந்து x தொலைவில் அதன் அடிப்பக்கம் √(36−x²), உயரம் அதைப் போல் 4/3 மடங்கு, பரப்பு (2/3)(36−x²). இதை −6 முதல் 6 வரை தொகையிட்டால் (2/3)(432−144) = 192. முழு வட்டத்தின் நாண் நினைவில் அடிப்பக்கத்தை 2√(36−x²) என்று எழுதிவிட்டால் உயரமும் கூடவே இரட்டிக்கும். விடை 768 ஆகிவிடும். ஆப்பு அரை உருளைக்குள் அடங்கியது, 452-ஐ மீற முடியாது என்று ஒரு கணம் நினைத்தாலே பிழை தெரிந்துவிடும்.

அந்த 2 வரவேண்டிய இடம் வேறு. விட்டத்துக்கு இணையாக வெட்டினால் துண்டுகள் செவ்வகங்கள்: விட்டத்திலிருந்து y தொலைவில் அகலம் 2√(36−y²), உயரம் 4y/3. இங்கே y 0 முதல் 6 வரை மட்டுமே செல்ல வேண்டும். பழக்க தோஷத்தில் −6 தொடங்கினால், ஒற்றைச் சார்பு என்பதால் விடை சுழியாகிவிடும். எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்று படத்தில் ஒரு துண்டையாவது வரைந்து, அதன் மூலைகளைக் குறித்துக்கொண்ட பிறகே எல்லைகளை எழுதுங்கள்.

கேள்வியில் 10 செ.மீ. என்று சாய்வு நீளம் தரப்பட்டிருந்தால் அதை h என்று எடுத்துவிடாதீர்கள். 192-க்குப் பதில் 240 வரும். தளம் அடிவட்டத்தோடு செய்யும் கோணம் θ தரப்பட்டால் h = r tan θ.

192 சரிதானா என்று பார்க்க ஆர்க்கிமிடீஸே ஒரு வழி வைத்திருக்கிறார். அடிவட்டத்தைச் சுற்றி வரைந்த சதுரத்தின் மேல் அதே உயரத்தில் எழுப்பிய பட்டகத்தில் ஆறில் ஒரு பங்குதான் இந்த ஆப்பு என்று ‘முறை’ என்ற தம் நூலில் அவர் நிறுவினார். 12 × 12 × 8 = 1152; ஆறால் வகுத்தால் 192. அழிக்கப்பட்டு, மேலே வேறு எழுத்து எழுதப்பட்ட பழைய தோல் ஏடுகளிலிருந்து இந்த நூலை டேனிஷ் அறிஞர் ஹைபெர்க் 1906-இல் கண்டெடுத்தார்.

சூத்திரம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: உருளையின் உயரம் h-க்குக் குறையக் கூடாது. இதே சாய்வில் உருளை 5 செ.மீ. மட்டுமே உயரம் என்றால், தளம் விட்டத்திலிருந்து 3.75 செ.மீ. தொலைவிலேயே மேல்முகத்தை எட்டிவிடும். அதற்கு அப்பால் செவ்வகங்களின் உயரம் 4y/3 அல்ல, வெறும் 5. இரண்டு பகுதிகளாகத் தொகையிட வேண்டும்: முதலாவது ஏறத்தாழ 100.7, இரண்டாவது 73.4, மொத்தம் 174.1 கன செ.மீ.